கடைசிப் பாவும் கடைசிக் கணக்கும்

ஒரு கொள்முதல் ஒப்பந்தத்தை எவ்வாறு செய்துகொள்வது என்பது பற்றி நம் சங்க அங்கத்தினர்களுக்குப் பலர் சொல்லியிருக்கிறார்கள். செய்துகொண்ட ஒப்பந்தத்தை எதிர்த் தரப்பினர் முடித்துக்கொள்ள விரும்பும்போது எவ்வாறு நடந்துகொள்வது என்பது பற்றி மிகச் சிலரே சொல்லியிருக்கிறார்கள். ஆனால் எவ்வளவு நல்ல வியாபாரமானாலும் ஒரு நாள் முடியவே செய்யும். முடிகிற இரண்டு மாத காலத்தில்தான் சங்கத்திற்கு உண்மையான நஷ்டம் நேர்கிறது. அந்த நஷ்டத்தில் பெரும் பகுதி வாங்குகிறவரால் நேர்வதன்று, சங்கம் அவசரத்தில் செய்யும் காரியங்களால் நேர்வது. இதை என் சரகத்திலுள்ள ஒரு கைத்தறி நெசவாளர் சங்கத்தில் நேரில் கண்ட அநுபவத்தைக் கொண்டு விளக்க முற்படுகிறேன்.

அந்தச் சங்கம் சென்னையிலுள்ள ஒரு ஜவுளிக் கடைக்கு நான்கு ஆண்டுகளாகப் பருத்திச் சேலைகளை நெய்து அனுப்பி வந்தது. மாதம் ஒன்றுக்கு 240 சேலைகள். சேலை ஒன்றின் விலை, வரி நீங்கலாக, 1,450 ரூபாய். இதற்காக 20 தறிகள் ஓடின. ஒரு பாவில் ஆறு சேலைகள். ஒரு சேலைக்கு இரண்டு நாள் வேலை. ஆகவே ஒரு தறியிலிருந்து மாதத்திற்கு இரண்டு பாவு, அதாவது 12 சேலைகள் இறங்கும். கரை டிசைனுக்கான ஜக்கார்டு அட்டைகள், கடையின் பெயர் அச்சிட்ட சீட்டுகள் இரண்டையும் கடைக்காரர்களே கொடுத்திருந்தார்கள். நூலும் சாயமும் சங்கத்தின் பொறுப்பு. எந்தத் தரப்பாரும் 60 நாள் எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுத்து ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளலாம் என்பது ஒரு ஷரத்து.

ஜனவரி 2-ஆம் தேதி கடையிலிருந்து ஒரு கடிதம் வந்தது. "எங்கள் கொள்முதல் முறையை மாற்றி அமைத்துக்கொள்வதால், பிப்ரவரி 28-ஆம் தேதியுடன் ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ள விரும்புகிறோம்" என்று அதில் கண்டிருந்தது. கடிதத்தின் தேதி டிசம்பர் 30. கணக்குப் பார்த்தால் சரியாக 60 நாள்.

முதல் நாள் கூட்டம்

மறுநாள் நிர்வாகக் குழு அவசரமாகக் கூடியது. தணிக்கைக்காக நான் அங்கே போயிருந்தபடியால் கூட்டத்தில் அமர்ந்திருந்தேன். ஓர் அங்கத்தினர், சேலைக்கு ஐம்பது ரூபாய் குறைத்துத் தருகிறோம் என்று உடனே தந்தி போல ஒரு கடிதம் எழுத வேண்டும் என்றார். மற்றொருவர், இன்றே சரக்கை நிறுத்திவிட வேண்டும் என்றார். மூன்றாமவர், அட்டைகள் நம் கையில்தானே இருக்கின்றன, பாக்கி முழுவதும் வந்து சேரும் வரையில் அவற்றைக் கொடுக்க வேண்டாம் என்றார். காரியதரிசி பேசவே இல்லை. அவர் மனத்தில் இருந்தது இருபது குடும்பங்களின் கூலி.

இம்மூன்று யோசனைகளையும் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

விலையைக் குறைப்பதாகச் சொல்லுவது பணிவாகத் தோன்றலாம். ஆனால் கடைக்காரர்கள் விலை அதிகம் என்று எங்கும் சொல்லவில்லை. கேளாத குறைப்பைக் கொடுக்க முன்வந்தால், நான்கு ஆண்டுகளாக ஐம்பது ரூபாய் அதிகமாக வாங்கி வந்ததாக நாமே ஒப்புக்கொண்டதாகும். அதுவுமன்றி, முடிவு செய்துவிட்ட ஒருவருக்கு அந்த முடிவை மீண்டும் காத்துப் பேசவேண்டிய சங்கடத்தை உண்டாக்குகிறோம். அந்தச் சங்கடம்தான் அவர் நினைவில் நிற்கும்.

சரக்கை நிறுத்துவது இன்னும் ஆபத்தானது. ஒப்பந்தம் பிப்ரவரி 28 வரையில் உயிரோடு இருக்கிறது. இடையில் நிறுத்தினால் ஒப்பந்தத்தை மீறியவர்கள் நாமே ஆவோம். 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டப்படி, அதனால் அவர்களுக்கு நேரும் நஷ்டத்தைக் கேட்கும் உரிமை அவர்களுக்கு வந்துவிடும்.

அட்டைகளைப் பிடித்து வைப்பது பற்றிப் பலருக்கு ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. பிறர் கொடுத்த பொருளின்மேல் நாம் உழைப்பைச் செலவிட்டிருந்தால், அந்த உழைப்பின் கூலி வரும் வரையில் அந்தப் பொருளை வைத்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. உதாரணமாக, கடைக்காரரே நூலைக் கொடுத்து நாம் நெய்து தருவதாயிருந்தால், அந்தத் துணியைக் கூலிக்காக நிறுத்தி வைக்கலாம். ஆனால் ஜக்கார்டு அட்டையின்மேல் நாம் எந்த வேலையும் செய்யவில்லை. அதைக் கருவியாக வைத்துக்கொண்டோம், அவ்வளவே. சேலை விலைப் பாக்கிக்காக அட்டையைப் பிடித்து வைக்க, ஒப்பந்தத்தில் தனியாக எழுதியிருந்தாலன்றி, நமக்கு உரிமையில்லை. காரியம் முடிந்ததும், கேட்பதற்கு முன்பே திருப்பிக் கொடுக்க வேண்டியதுதான் கடமை.

அப்படியானால் முதல் நாள் செய்ய வேண்டியது என்ன? எண்ணிப் பார்ப்பது. கோபமும் பயமும் எண்ணிப் பாராத சரக்கிலிருந்தே பிறக்கின்றன.

எண்ணிப் பார்த்ததில் தெரிந்தது

அன்று மாலையே காரியதரிசியும் ஸ்டோர் குமாஸ்தாவும் தெருத் தெருவாகச் சென்று எண்ணினார்கள். ஸ்டோரில் நெய்து முடிந்த சேலைகள் 54. தறிகளில் ஏறியிருந்த 20 பாவுகளில் இன்னும் நெய்ய வேண்டியவை மொத்தம் 66 சேலைகள். கஞ்சி போட்டுத் தறியில் ஏறாமல் இருந்த பாவுகள் 30. இவற்றில் 180 சேலைகள். கடையின் வர்ணத்தில் சாயமேற்றி வைத்திருந்த நூல் 24 பாவுகளுக்கு உரியது. இவற்றில் 144 சேலைகள். ஆக மொத்தம் 444 சேலைகள்.

ஜனவரி, பிப்ரவரி இரண்டு மாதங்களுக்கும் கடை எடுத்துக்கொள்ள வேண்டியது 480 சேலைகள். ஆகவே கையிலிருக்கும் சரக்கெல்லாம் ஒப்பந்த காலத்திற்குள்ளேயே போய்விடும். அதற்குமேலும் 36 சேலைகளுக்கு, அதாவது ஆறு பாவுக்கு, நூல் தேவைப்படும். இதைக் கண்டதும் கூட்டத்தில் இருந்த பாதிப் பதற்றம் அடங்கிவிட்டது.

ஆனால் எண்ணியதில் ஓர் ஆபத்தும் வெளிப்பட்டது. பிந்திய மாதங்களுக்கென்று 40 பாவுக்குரிய நூலைச் சாயப்பட்டறைக்கு அனுப்பி, அதே வர்ணத்தில் சாயமேற்றச் சொல்லியிருந்தார்கள். இரவோடு இரவாகப் பட்டறைக்குப் போன் செய்தார்கள். பத்துப் பாவுக்குரிய நூல் அதற்குள் சாயத்தில் முங்கிவிட்டது. மீதி 30 பாவுக்குரிய நூல் வெள்ளையாகவே நின்றது. வெள்ளை நூலை எந்த ரகத்திற்கும் உபயோகிக்கலாம்; சாயமேறிய நூலை அப்படி உபயோகிக்க முடியாது. அந்தப் பத்தில் ஆறு பாவு தேவைக்குச் சரியாகிவிட்டது. மிஞ்சியது நான்கே பாவு, 24 சேலைகள். கோபக் கடிதம் எழுதுவதில் ஒரு வாரத்தைக் கழித்திருந்தால் நாற்பது பாவும் சாயத்தில் முங்கியிருக்கும்.

பயிரிடுவோர் சங்கங்களுக்கும் இதே முறை பொருந்தும். நிலத்தில் நிற்கும் பயிர், தறியில் ஏறிய பாவு போன்றது. வாங்கி வைத்திருக்கும் விதை, சாயமேறிய நூல் போன்றது. உழுது போட்ட நிலம், வெள்ளை நூல் போன்றது. நோட்டீஸ் வந்த அன்று எது எந்த நிலையில் இருக்கிறது என்பதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

தறிக் கணக்கையும் பார்த்தார்கள். தறியில் இருப்பது போக 60 பாவுகள் ஏற வேண்டும்; தறிக்கு மூன்று பாவு. பொங்கல் விடுமுறையும் ஞாயிற்றுக்கிழமைகளும் போக இருக்கும் வேலை நாட்களில் அவை இறங்கிவிடும். மூன்று நாட்கள் போல மிச்சமும் இருக்கும். இருபது குடும்பங்களுக்கும் பிப்ரவரி கடைசி வரையில் கூலி உறுதி என்று இப்போது சொல்ல முடிந்தது. காரியதரிசி அதை மறுநாள் காலையில் ஒவ்வொரு வீட்டிலும் சொன்னார். வதந்தி போய்ச் சேருவதற்கு முன்பு கணக்குப் போய்ச் சேர்ந்தது.

முதல் பதில்

நான்காம் தேதி கடைக்குப் பதில் எழுதப்பட்டது. அதன் வாசகத்தை அங்கத்தினர்கள் கவனிக்க வேண்டும்:

"தங்கள் டிசம்பர் 30-ஆம் தேதிக் கடிதம் கிடைத்தது. ஒப்பந்தத்தின் நோட்டீஸ் ஷரத்துப்படி பிப்ரவரி 28-ஆம் தேதியுடன் ஒப்பந்தம் முடிவதைச் சங்கம் ஏற்றுக்கொள்கிறது. ஜனவரி, பிப்ரவரி மாதங்களுக்குரிய 240 சேலைகள் வீதம் வழக்கமான தரத்தில், உரிய காலத்தில் வந்து சேரும். தங்களுக்குச் சொந்தமான அட்டைகள், சீட்டுகள் ஆகியவற்றின் ஜாபிதாவை 10-ஆம் தேதிக்குள் அனுப்புகிறோம். தங்கள் வர்ணத்தில் சாயமேற்றிய நூல் நான்கு பாவுக்கு, அதாவது 24 சேலைகளுக்கு, எங்களிடம் மிஞ்சும். அவற்றைத் தாங்கள் மார்ச் மாதத்தில் எடுத்துக்கொள்ள இயலுமா, அல்லது நாங்களே விற்றுக்கொள்ளலாமா என்பதைத் தெரிவிக்கக் கோருகிறோம். நான்கு ஆண்டுகளாக எங்கள் நெசவாளர்களுக்குத் தொடர்ந்து வேலை கொடுத்ததற்கு நன்றி."

இந்தக் கடிதத்தில் 'ஏன்' என்ற கேள்வி இல்லை. 'மறுபடி யோசியுங்கள்' என்ற வேண்டுகோளும் இல்லை. முடிவை ஏற்றுக்கொண்டதாக இரண்டாவது வாக்கியத்திலேயே இருக்கிறது. அதைப் படித்த பிறகு, எஞ்சிய விஷயங்களைப் படிக்க எவருக்கும் தயக்கம் இராது. கேட்க வேண்டியதை ஒரே ஒரு விஷயமாகச் சுருக்கி, எண்ணிக்கையோடு கேட்டிருக்கிறார்கள். சாயமேற்றச் சொன்னது சங்கத்தின் சொந்த முடிவு. கடை அதற்கு எழுத்து மூலம் உத்தரவு கொடுத்ததில்லை. ஆகவே அதை உரிமையாகக் கேட்க இடமில்லை, வேண்டுகோளாகத்தான் கேட்கலாம். இந்த வேறுபாட்டைக் கடிதம் உணர்ந்திருக்கிறது.

ஏற்றுக்கொள்வது என்பது உரிமையை விட்டுக்கொடுப்பது அன்று என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். நோட்டீஸ் 60 நாளுக்குப் பதில் 30 நாளாக இருந்திருந்தால், அதை அதே கடிதத்தில், அதே அமைதியான குரலில், ஷரத்தைக் காட்டி எழுதியிருக்க வேண்டும். ஒப்பந்தம் முடிவதை ஏற்கலாம். முறை தவறி முடிப்பதை மௌனமாக ஏற்க வேண்டியதில்லை.

ஒரு வாரத்தில் பதில் வந்தது. 24 சேலைகளை எடுத்துக்கொள்ள இயலாது என்றும், கடையின் சீட்டும் கரை டிசைனும் இல்லாமல் சங்கமே விற்றுக்கொள்ளலாம் என்றும் எழுதியிருந்தார்கள். அந்த நான்கு பாவுகளையும் சங்கத்தின் சொந்த அட்டையை மாட்டி நெய்து, சங்கத்தின் விற்பனை நிலையத்தில் விற்றார்கள். விற்று முடிய ஐந்து மாதங்கள் ஆயின.

கடைசி மாதத்தின் நெசவு

நோட்டீஸ் காலத்தில் நேரும் மிகப் பெரிய தவறு எது என்று என்னைக் கேட்டால், தறியில் நேருவது என்பேன். வாங்குகிறவர் போகப் போகிறார் என்று தெரிந்ததும் கை தானாகவே தளர்கிறது. பாவு எப்படியும் ஆறு சேலை நீளந்தான். ஊடை இழையைச் சற்றுக் கலக்கமாக விட்டால் பாவு விரைவில் இறங்கிவிடும்; அடுத்த ரகத்தின் பாவை முன்னதாக ஏற்றிக்கொள்ளலாம். எவரும் துரோகம் செய்ய எண்ணுவதில்லை. ஆனால் நடந்துவிடுகிறது.

பிப்ரவரி மூன்றாம் வாரத்தில், ஸ்டோரில் மடிப்பதற்கு வைத்திருந்த ஒரு சேலையை ஸ்டோர் குமாஸ்தா கையில் எடுத்தார். வழக்கத்தைவிட மெத்தென்று இருப்பதாக அவருக்குத் தோன்றியது. தராசில் போட்டுப் பார்த்தார். எடையில் பத்துப் பதினைந்து கிராம் வித்தியாசம் இருந்தது. ஏறத்தாழ 350 கிராம் எடையுள்ள சேலையில் அந்த அளவு வித்தியாசம் சாதாரணமாகக் கண்ணில் படாது. ஆனால் இழை எண்ணும் கண்ணாடியை வைத்து எண்ணியபோது, அங்குலத்திற்கு 68 ஊடை இழை இருக்க வேண்டிய இடத்தில் 62 தான் இருந்தது. ஒரு சேலையில் முந்தானைப் பக்கம், நடு உடல், உள்பக்கம் என்று மூன்று இடங்களில் எண்ண வேண்டும். ஓரிடத்தில் மட்டும் எண்ணினால் ஏமாந்துபோவோம். அந்தத் தெருவின் ஐந்து தறிகளிலிருந்து வந்த 30 சேலைகளையும் எண்ணிப் பார்த்ததில் 18 சேலைகள் குறைவாக இருந்தன.

அன்றைய நிர்வாகக் குழுக் கூட்டத்தை நான் மறக்கமாட்டேன். "240 சேலையில் 18-ஐக் கலந்து அனுப்பினால் யாருக்குத் தெரியும்? இனி அவர்கள் நம்மிடம் வாங்கப் போவதுமில்லை" என்று ஒருவர் சொன்னார். அவர் கெட்டவரல்லர், 18 சேலையின் விலை 26,100 ரூபாய் என்பதை அறிந்தவர். அதற்குத் தலைவர், அந்த வயதானவர், சொன்ன பதில் இது: "நாலு வருஷம் நாம் அனுப்பின சேலையெல்லாம் விற்றுத் தீர்ந்து போச்சு. அவங்க கடையிலே கடைசியா இருக்கப்போறது இந்தப் பேல்தான். நம்ம பேரு இதிலேதான் இருக்கும்."

மறுநாளே கடைக்கு எழுதினார்கள்: பதினெட்டுச் சேலைகளில் ஊடை இழை அங்குலத்திற்கு ஆறு குறைவாக உள்ளது, அவற்றைத் தனியாகக் கட்டி அடையாளமிட்டு வைத்திருக்கிறோம், எண்ணிக்கையைக் குறைத்து 222 சேலைகளை அனுப்பட்டுமா, அல்லது விலையைக் குறைத்து எடுத்துக்கொள்கிறீர்களா என்று. சேலை ஒன்றுக்கு 100 ரூபாய் குறைத்து எடுத்துக்கொள்வதாகப் பதில் வந்தது. ஆக 1,800 ரூபாய் நஷ்டம். இதற்குச் சரக்கு சேவை வரிச் சட்டத்தில் சொல்லியபடி முறையாக வரவுக் குறிப்பு எழுதப்பட்டது. வாய்ப்பேச்சாகக் கழித்துக்கொண்டிருந்தால் இரு தரப்பின் வரிக் கணக்கும் ஒன்றுக்கொன்று ஒவ்வாமல் போயிருக்கும்.

இதிலிருந்து நான் மற்றச் சங்கங்களுக்குச் சொல்லும் யோசனை: நோட்டீஸ் வந்த பிறகு சோதனையை இரட்டிப்பாக்குங்கள். வழக்கமாகப் பத்துச் சேலைக்கு ஒன்றை எண்ணுகிறீர்களானால், இனி ஒவ்வொரு தறியின் ஒவ்வொரு பாவிலும் ஒன்றையாவது எண்ணுங்கள். அந்தச் சங்கம் இதை மூன்றாம் வாரத்தில் செய்தது. ஜனவரியிலேயே செய்திருந்தால் 1,800 ரூபாயும் மிஞ்சியிருக்கும்.

கணக்கை முடித்தல்

பிப்ரவரி 27-ஆம் தேதி கடைசிப் பேல் சென்றது. ஜனவரி மாதப் பட்டியலுக்குப் பணம் ஏற்கெனவே வந்துவிட்டது. எஞ்சியிருந்த கணக்கை வரி நீங்கலாகச் சொல்லுகிறேன். பிப்ரவரி மாதத்து 240 சேலைகளுக்கு 3,48,000 ரூபாய். இதில் குறைத்துக் கொடுத்தது 1,800 ரூபாய். மீதி 3,46,200. ஒப்பந்தம் தொடங்கியபோது கடை கொடுத்திருந்த முன்பணம் 50,000 ரூபாயைக் கழித்தால் 2,96,200 ரூபாய்.

இதோடு முடிந்திருந்தால் எளிது. ஆனால் முந்திய ஆண்டில், ஏழு சேலைகள் பழுது என்று சொல்லி 10,150 ரூபாயைக் கடை பிடித்தம் செய்திருந்தது. சங்கம் அதை ஒப்புக்கொள்ளவுமில்லை, மறுத்து எழுதவுமில்லை. பேரேட்டில் பாக்கியாகவே வைத்திருந்தது. வியாபாரம் நடக்கும்போது இத்தகைய சில்லறைப் பூசல்கள் தூங்கிக்கொண்டிருக்கும். முடியும்போது எல்லாம் ஒன்றாக விழித்துக்கொள்ளும்.

காரியதரிசி அதை மொத்தப் பாக்கியோடு கலக்காமல் தனி வரியாக எழுதினார். ஸ்டோர்ப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்ததில், ஏழில் நான்கு சேலைகளே திரும்பி வந்ததாகப் பதிவாகியிருந்தது. ஆகவே நான்கின் விலை 5,800 ரூபாயைச் சங்கம் ஒப்புக்கொள்கிறது என்றும், வந்து சேராத மூன்றின் விலை 4,350 ரூபாயைக் கோருகிறது என்றும், புத்தகப் பக்கத்தின் நகலோடு எழுதினார். நம் தவறை நாமே முதலில் ஒப்புக்கொண்டு எழுதிய கணக்கைப் பிறர் எளிதில் சந்தேகிப்பதில்லை. கடையினர் தங்கள் புத்தகத்தைப் பார்த்து ஏற்றுக்கொண்டார்கள். முடிவான பாக்கி 3,00,550 ரூபாய் என்று இரு தரப்பும் ஒரு தாளில் கையொப்பமிட்டார்கள்.

அந்தக் கையொப்பம் வெறும் மரியாதை அன்று. விற்ற சரக்கின் விலைக்கு வழக்குத் தொடர மூன்று ஆண்டுகளே கெடு. கெடு முடிவதற்குள் கடன்பட்டவர் எழுத்து மூலம் பாக்கியை ஒப்புக்கொண்டால், 1963-ஆம் ஆண்டு காலவரம்புச் சட்டப்படி அந்தத் தேதியிலிருந்து புதிய கெடு தொடங்குகிறது. மேலும், சங்கம் சிறு தொழிலாகப் பதிவு செய்துகொண்டிருந்தால், 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி சரக்கை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து 45 நாட்களுக்குமேல் பணத்தை நிறுத்தி வைக்க வாங்குகிறவருக்கு உரிமையில்லை. தாமதத்திற்கு வட்டியும் உண்டு. இந்தச் சட்டங்களைக் கடிதத்தில் எடுத்துக்காட்டிப் பயமுறுத்த வேண்டியதில்லை. அறிந்திருந்தால் போதும், அறிந்தவனுடைய கடிதத்தில் பதற்றம் இராது. இந்த ஒப்பந்தத்தில் 30 நாள் கெடு. பணம் 26-ஆம் நாளில் வந்துவிட்டது.

கடைசிச் சந்திப்பு

அட்டைகளைப் பார்சலில் அனுப்பவில்லை. காரியதரிசியும் ஒரு டைரக்டரும் அவற்றை நேரில் எடுத்துச் சென்றார்கள். ஒவ்வொரு டிசைனுக்கும் அட்டைகளை எண்ணி, வரிசைப்படி நூலில் கோத்து, கிழிந்திருந்த மூன்று அட்டைகளை இன்னின்ன எண் என்று எழுதியிருந்தார்கள். மிஞ்சிய சீட்டுகளையும் எண்ணிக் கொடுத்துக் கையொப்பம் பெற்றுக்கொண்டார்கள். பிறருடைய பெயர் அச்சிட்ட சீட்டு ஒன்றுகூடச் சங்கத்தில் தங்கக் கூடாது. நாளைக்கு எங்கேனும் ஒரு மட்டச் சேலையில் அது ஒட்டியிருந்தால் பழி நமக்கு வரும்.

எல்லாம் முடிந்து எழுந்திருக்கும்போதுதான் காரியதரிசி ஒரு கேள்வி கேட்டார்: "எங்கள் வேலையில் நாங்கள் திருத்திக்கொள்ள வேண்டியது ஏதேனும் உண்டா?" ஜனவரியில் இதைக் கேட்டிருந்தால் வாதத்திற்கு அடிபோடுவதாக இருந்திருக்கும். கணக்குத் தீர்ந்த பிறகு கேட்டதால் கொள்முதல் அதிகாரி மனம் விட்டுச் சொன்னார். நெசவில் குறையில்லை, விலையிலும் குறையில்லை. ஆனால் மாதத்துச் சேலைகள் 240-ம் கடைசி வாரத்தில் ஒரே பேலாக வருகின்றன. முதல் மூன்று வாரமும் அலமாரி வெறுமையாகக் கிடக்கிறது. கேட்டு வந்தவர்கள் வேறு ரகத்தை வாங்கிச் செல்கிறார்கள். இதுதான் காரணம்.

நான்கு ஆண்டுகளில் சங்கத்தில் எவருக்கும் இது தோன்றியதில்லை. மாத முடிவில் பட்டியல் போடுவது எளிது என்பதால் மாத முடிவில் அனுப்பி வந்தார்கள். வாரம் 60 சேலைகள் அனுப்பியிருந்தால் லாரி வாடகை சற்றுக் கூடியிருக்கும், அவ்வளவே. மறுமொழியாகக் காரியதரிசி, இனி வாரந்தோறும் அனுப்புகிறோம், எங்களையே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று நாக்கு நுனி வரையில் வந்தது என்று பின்னர் என்னிடம் ஒப்புக்கொண்டார். நன்றி சொல்லிவிட்டுக் குறித்துக்கொண்டு வந்தார். பணம் வந்து சேர்ந்த பின்பு, நான்கு ஆண்டுகள் சரக்கு வழங்கியதைக் குறிப்பிட்டு ஒரு நற்சான்றுக் கடிதம் கேட்டு எழுதினார். கணக்குத் தீரும் முன்பு கேட்டிருந்தால் அது பேரமாகியிருக்கும். கடிதம் ஒரு வாரத்தில் வந்தது. ஊடை குறைந்த சேலைகளைச் சங்கம் தானாகவே தெரிவித்ததை அதில் ஒரு வரியாகக் குறிப்பிட்டிருந்தார்கள்.

இதனால் எல்லாம் சுகமாக முடிந்தது என்று நான் எழுதமாட்டேன். மார்ச் மாதத்தில் இருபது தறிகளுக்கும் பழைய கூலி கிடைக்கவில்லை. பதின்மூன்று தறிகள் துண்டுக்கும் போர்வைக்கும் மாறின. அவற்றின் கூலி குறைவு. ஜூன் மாதத்தில் மற்றொரு கடை மாதம் 80 சேலைகள் கேட்டது. அதற்கு ஏழு தறிகள். அந்தக் கடையின் முதலாளி உத்தரவு கொடுப்பதற்கு முன்பு பழைய கடையைப் போனில் விசாரித்திருக்கிறார். என்ன சொன்னார்கள் என்பது நமக்குத் தெரியாது. விசாரித்த மறுநாள் உத்தரவு வந்தது என்பது மட்டும் தெரியும்.

இப்போது அந்தச் சங்கத்திலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் இருபது சேலைகள் கொண்ட ஒரு சிறிய பேல் புறப்படுகிறது. கட்டுவதற்கு முன்பு ஸ்டோர் குமாஸ்தா கண்ணாடியை எடுத்து மூன்று இடங்களில் எண்ணுகிறார். அடுத்த முறை தணிக்கைக்குச் செல்லும்போது, இப்படி ஒரு கண்ணாடி உங்கள் சங்கத்து மேஜையிலும் இருக்கிறதா என்று நான் பார்ப்பேன்.